வசந்தா டீச்சர் பணி நிறைவு விழா: காணொளிக்கான ஸ்கிரிப்ட்

2025 மே 31, சனிக்கிழமை மாலை 5 மணி, பள்ளிக் கூடம். ஓடும் நேரம் எட்டு நிமிடத்துக்குள்.

எடிட் செய்யும் தம்பிக்கு: மெழுகுவத்தி, ஏணி, கலங்கரை விளக்கம் மாதிரி வாசகம் எதையும் திரையில் போட வேண்டாம். டீச்சர் நமக்குச் செய்தவை நிறைய இருக்கின்றன. அவற்றை மட்டும் காட்டினால் போதும்.

தொடக்கம் (0:00 – 1:10)

காட்சி: கறுப்புத் திரை. முதலில் சத்தம் மட்டும். தகர மூடி திறக்கிறது, பென்சில்கள் உருளுகின்றன. பிறகு மேலிருந்து டப்பாவின் உள்பக்கம்: நான்கு காம்பஸ், விளிம்பு தேய்ந்த கோணமானிகள், விரல் நீளப் பென்சில்கள், பிளேடால் பாதியாக வெட்டிய ரப்பர்கள். இசை வேண்டாம்.

பின்னணிக் குரல் (1997 செட் கவிதா):

"இது ஒரு பிஸ்கட் டப்பா. இதில் பிஸ்கட் இருந்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை. ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க முடியாத பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொல்லக் கூடாது என்பதற்காக, வசந்தா டீச்சர் இதைத் தன் மேசையில் வைக்காமல் கடைசி பெஞ்சில் வைத்திருந்தார். எடுப்பவர் யார் என்று அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. மணி அடித்ததும் எல்லாம் டப்பாவுக்குள் திரும்பி வந்துவிடும்.

1992இல் வேதாரண்யம் பக்கத்தில் இந்தப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்தார். அப்போது அவருக்கு வயது 27. முப்பத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இடையில் டீச்சர் மாறவில்லை, டப்பாவும் மாறவில்லை."

எழுத்து: வசந்தா டீச்சர். கணக்கு. 1992 – 2025.

முருகானந்தம், 1997 செட் (1:10 – 2:30)

காட்சி: அகஸ்தியம்பள்ளி உப்பளம். பாத்தி ஓரத்தில் நின்று பேசுகிறார். காலை வெயில், முகத்தில் நிழல் விழாமல் எடுத்தது. காற்றுச் சத்தத்தை நீக்க வேண்டாம்.

"டீச்சர், வணக்கம். நான் முருகானந்தம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் விடியற்காலையில் உப்பு வாரப் போவோம். எவ்வளவு ஓடி வந்தாலும் முதல் பீரியட் போய்விடும். முதல் பீரியட் கணக்கு. தினமும் வாசலில் நிற்பேன்.

ஒருநாள் டைம்டேபிளில் கணக்கு மூன்றாவது பீரியடுக்குப் போயிருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்துத் தமிழ் ஐயாவைக் கடைத்தெருவில் பார்த்தபோதுதான் சொன்னார். 'உனக்காகத்தான்டா என்னிடம் கேட்டு மாற்றிக்கொண்டார்' என்றார். எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை டீச்சர். இன்றைக்கு நான் உப்புக் கணக்குப் பார்க்கிறேன். எத்தனை மூட்டை, எத்தனை டன், யாருக்கு எவ்வளவு கூலி எல்லாம் என் நோட்டில்தான். கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பியது இல்லை."

ரஹ்மத் நிஷா, 2014 செட் (2:30 – 3:50)

காட்சி: சென்னை, செவிலியர் விடுதி அறை. சீருடையில், பணிக்குக் கிளம்பும் முன். அவர் கையில் வரைபடத்தாள் இருக்கிறது. பேச்சின் கடைசியில் அதை நெருக்கமாகக் காட்டவும்.

"டீச்சர், நான் மார்ச்சில் கணக்கில் ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் மதியம் டீச்சர் தோப்புத்துறைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். திட்டவில்லை. 'செய்முறை வடிவியல் பத்து, வரைபடம் பத்து. இருபது மார்க் உன் கையில் இருக்கிறது. மீதிப் பதினைந்தை அப்புறம் பார்ப்போம்' என்றார்.

துணைத்தேர்வு வரைக்கும் அவர் வீட்டு வராண்டாவில் தொடுகோடும் வட்ட நாற்கரமும்தான். காம்பஸ் முள் தாளைக் கிழித்துவிடும் என்று அடியில் பழைய நோட்டு வைக்கச் சொல்வார். பென்சிலை நானே சீவ வேண்டும், கூர் மழுங்கினால் கோடு தடித்துவிடும், தடித்தால் அளவு தப்பிவிடும். இதையெல்லாம் எனக்கு அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. துணைத்தேர்வில் ஐம்பத்தொன்று எடுத்தேன்.

இப்போது ஊசி மருந்து அளக்கும்போது கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். அது நீங்கள் சொல்லிக்கொடுத்தது டீச்சர். அம்மா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார்."

அபிநயா, 2019 செட் (3:50 – 5:00)

காட்சி: பள்ளி வளாகம், கஜாவில் தப்பித்த வேப்பமரத்தின் அடியில்.

"2018 நவம்பர் 16. நாங்கள் பத்தாம் வகுப்பு. கஜா புயல் கரை கடந்த அன்று எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது, தென்னை மரங்கள் போய்விட்டன, என் புத்தகம் நோட்டு எல்லாம் ஊறிவிட்டன. கரண்ட் இல்லை. படிப்பைப் பற்றி நினைக்கிற நிலைமையில் யாருமே இல்லை.

பள்ளி திறந்த அன்று டீச்சர் பாடம் எடுக்கவில்லை. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, 'வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா?' என்று மட்டும் கேட்டார். மறுநாள் நாற்பது பக்க நோட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்தார். தன் நோட்டைப் பிரித்து ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்து, எழுதி எழுதிப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஒரு வாரத்தில் வகுப்பில் எல்லாருக்கும் முழு நோட்டு வந்துவிட்டது. என்னிடம் இருக்கும் அந்த நோட்டில் பத்து பேர் கையெழுத்து இருக்கிறது டீச்சர். பத்திரமாக வைத்திருக்கிறேன்."

படத் தொகுப்பு (5:00 – 6:01)

புல்லாங்குழல் மட்டும், மெல்லிய ஒலியில். படத்தின் கீழே ஆண்டு போதும். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. மாற்றம் உள்ள இடத்தில் குறித்திருக்கிறேன்.

1. 1992, பணிப் பதிவேட்டுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.
2. 1994, முதல் செட் குழுப் படம். எட்டு விநாடி விடவும். அரங்கில் பாதிப் பேர் தங்களைத் தேடுவார்கள்.
3. கரும்பலகையில் பெரிய மரக் காம்பஸ் இல்லாத காலம்: ஒரு கையால் சணலை அழுத்தி, மறு முனையில் சாக்பீஸ் கட்டி வட்டம் போடுகிறார். ஓரம் மங்கிய படம்தான், ஆனால் இதை விடக் கூடாது.
4. டிவிஎஸ் 50 வண்டியில், பின்னால் விடைத்தாள் கட்டு.
5. 2005 ஜனவரி, சுனாமிக்குப் பிறகு பள்ளி திறந்த நாள். இந்தப் படத்துக்கு இசையை நிறுத்தவும். பத்து விநாடி. பிறகு மெதுவாக இசை திரும்பட்டும்.
6. விளையாட்டு விழா, கயிறு இழுக்கும் ஆசிரியைகள்.
7. டீச்சர் மகள் திருமணம், மாணவர்கள் பந்தியில் பரிமாறுவது.
8. 2018, சாய்ந்த மரங்களுக்கு நடுவே பள்ளி வாசல்.
9. 2020, செல்போனைச் செங்கல் மேல் நிறுத்தி, வீட்டுச் சுவரில் கணக்குப் போட்டு அனுப்பியபோது அவர் பேரன் எடுத்தது.
10. இந்த மார்ச், கடைசி வகுப்பு. எட்டு விநாடி.

முடிவு (6:01 – 6:56)

காட்சி: தற்போதைய பத்தாம் வகுப்பு அறை. கடைசி பெஞ்ச். ஒரு மாணவி டப்பாவைத் திறந்து, தன் பையிலிருந்து புதுப் பென்சில் ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறாள். அடுத்து ஒரு மாணவன் காம்பஸ் வைக்கிறான். வரிசையாகப் பிள்ளைகள் வருகிறார்கள். முகங்களைக் காட்ட வேண்டாம், கைகள் போதும்.

பின்னணிக் குரல்:

"டீச்சர், டப்பாவை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு ஜூனிலும் எங்களில் ஒரு செட் வந்து நிரப்பிவிட்டுப் போகும். இந்த ஜூன், 1997 செட்டின் முறை."

காட்சி: மூடி மூடும் சத்தம். கறுப்புத் திரை.

அரங்கப் பொறுப்பாளருக்கு: படம் முடிந்த உடனே விளக்கைப் போட வேண்டாம், மைக்கிலும் யாரும் பேச வேண்டாம். முருகானந்தம் அண்ணன் உண்மையான டப்பாவோடு இடது பக்கக் கதவருகே நிற்பார். அவர் டீச்சர் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விளக்கு.