கயல், பதில் போடணும்னு இல்ல

ஜூன் 3, இரவு

கயல், உங்க மெசேஜை இப்பதான் பாத்தேன். அம்மாயி தவறிட்டாங்கன்னு படிச்சதும் ஒண்ணும் ஓடல. ரொம்ப வருத்தமா இருக்குங்க.

நான் அவங்களைப் பாத்ததில்ல. நீங்க சொல்லித் தெரிஞ்ச அம்மாயிதான். காலையில ஆறு மணிக்குப் பாலைக் கறந்து வெச்சுட்டு உங்களுக்கு ஃபோன் போடுவாங்க. பேசி முடிச்சதும் கட் பண்ணத் தெரியாம அப்படியே இடுப்புல சொருகிக்குவாங்க. நீங்களும் கட் பண்ணாம, மாட்டுக்கொட்டகைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பல் விளக்குவீங்க. அதைச் சொல்லும்போது நீங்க சிரிச்ச சிரிப்பு ஞாபகம் இருக்கு.

பஸ்ஸுல இருப்பீங்கன்னுதான் கூப்பிடல. பக்கத்து சீட்டுல ஆளை வெச்சுக்கிட்டு இதைப் பேச முடியாது. பேசணும் போல இருந்தா ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்க, ஃபோனை சைலன்ட்ல போடல. தோணலன்னா விட்டுடுங்க.

ஒரே ஒரு விஷயம். லென்ஸ் போட்டுக்கிட்டே கிளம்பியிருந்தா இப்பவே கழட்டிடுங்க. அழுதுட்டு அதோடவே தூங்கினா காலையில கண்ணு சிவந்து எரியும், புண்ணாகவும் வாய்ப்பு இருக்கு. கையில சொல்யூஷன் இல்லன்னா லென்ஸ் போனா போகுது, தூக்கிப் போட்டுடுங்க. குழாய்த் தண்ணியிலயோ பாட்டில் தண்ணியிலயோ மட்டும் போட்டு வைக்காதீங்க. அதுல இருக்குற கிருமி கண்ணுக்கு ரொம்ப ஆபத்து. கண்ணாடி பையில இருக்கும்னு நினைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். அதுக்கு "ஸாரி"ன்னு ஒரு மெசேஜும் வேண்டாம்.

பத்திரமா போய்ச் சேருங்க.

– அரவிந்த்


ஜூன் 6, மதியம்

கயல், நீங்க போட்ட கும்பிடு எமோஜி வந்துச்சு. அதுவே போதும். இது கொஞ்சம் நீளமா இருக்கும். வீட்டுல கூட்டம் குறைஞ்சப்புறம் படிச்சாப் போதும், நாலு நாள் கழிச்சுன்னாலும் சரி.

ஒட்டன்சத்திரம் வந்து ஒரு மாலை போட்டுட்டுத் திரும்பிடலாமான்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் வேண்டாம்னு தோணுச்சு. துக்க வீட்டுல புதுசா ஒரு பையன் வந்து நின்னா, "யாரு கண்ணு அது, எந்த ஊரு, என்ன பண்றாப்ல"ன்னு பெரியவங்க உங்களைத்தான் கேப்பாங்க. அம்மாயி பக்கத்துல உக்கார வேண்டிய நேரத்துல நீங்க எனக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும். அதனாலதான் வரல. அக்கறை இல்லாம இல்ல.

வர்றவங்க எல்லாம் "84 வயசு, பேரன் பேத்தி எடுத்தாச்சு, கல்யாணச் சாவு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அதைக் கேட்டுட்டு, இவ்வளவு அழக் கூடாதோன்னு நீங்க அடக்கிக்க வேண்டாம். வயசு அவங்களுக்குத்தான் 84. உங்களுக்கு அம்மாயி ஒருத்தர்தானே.

இப்ப நான் எழுத வந்த விஷயம். உங்க மாமா பொண்ணு ஃபோன்ல இருந்து அம்மாயி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்கன்னு சொல்லியிருக்கீங்க. அதையெல்லாம் காப்பாத்தி வைக்கணும், அதுவும் சீக்கிரம். இந்த மாதிரிக் குரல் போறது பெரும்பாலும் யாரும் வேணும்னு அழிச்சு இல்ல. ஃபோன்ல இடம் இல்லன்னு ஒருத்தர் மீடியாவை மொத்தமா க்ளியர் பண்ணுவாங்க, இல்லன்னா ஃபோனை ரீசெட் பண்ணி சின்னப் பசங்க கையில கொடுத்துடுவாங்க. முதல்ல அந்தச் சாட்டைத் திறந்து மேல பேரைத் தொடுங்க. Disappearing messages ஆன்ல இருந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணாலும் ஏற்கெனவே வந்ததுக்கு அந்தக் கெடு ஓடிக்கிட்டுதான் இருக்கும், அதனால அதையெல்லாம் முதல்ல எடுத்துடுங்க. ஒவ்வொரு வாய்ஸையும் அழுத்திப் பிடிச்சு, ஷேர் கொடுத்து, உங்க மெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்பிக்கலாம். ஸ்டார் போட்டு வெச்சா மட்டும் பத்தாது, சாட் போனா ஸ்டாரும் போயிடும். மொத்தமா வேணும்னா உங்க ஆண்ட்ராய்டு ஃபோனை லேப்டாப்ல சொருகி இந்த ஃபோல்டரைக் காப்பி பண்ணுங்க:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ள வாரம் வாரமா ஃபோல்டர் இருக்கும், ஃபைல் எல்லாம் .opus னு முடியும். பேரை மாத்த வேண்டாம், VLC-ல அப்படியே பாடும். ரெண்டு இடத்துல வையுங்க. இப்பவே கேக்கணும்னு இல்ல. கேக்குற தெம்பு எப்ப வருதோ அப்ப அது அங்க இருக்கணும், அவ்வளவுதான்.

அம்மாயியோட பட்டன் ஃபோன் சிம்முக்கும் ரீசார்ஜை உடனே நிறுத்த வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுங்க. பேங்க் கணக்குல அந்த நம்பர் இருந்தா, அந்த வேலை முடியுற வரைக்கும் தேவைப்படலாம்.

இன்னொண்ணு, மாமா ஏற்கெனவே பாத்திருப்பாங்க, பாக்கலன்னா மட்டும். இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், அதாவது 24-ம் தேதிக்குள்ள. வீட்டுல தவறினதால கிராமத்துல வி.ஏ.ஓ. கிட்டதான். 30 நாள் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட போயிடும், அதுக்கு மேல போனா அனுமதி, கூடுதல் பேப்பர்னு இழுக்கும். போகும்போது ஆதாரைக் கையில எடுத்துட்டுப் போய், பேரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி இருக்கான்னு அங்கேயே பாத்துடணும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னாடி பேங்க்ல திருப்பி அனுப்பிடுவாங்க. இதை உங்க தலையில ஏத்திக்காதீங்க, மாமாவுக்கு இந்தப் பத்தியை மட்டும் ஃபார்வர்டு பண்ணாப் போதும். என் பேரும் அதுல இல்ல.

பேட்மின்டன் குரூப்புல கேட்டவங்ககிட்ட "ஊருக்குப் போயிருக்காங்க"ன்னு மட்டும் சொன்னேன். மத்தது நீங்க சொன்னா சொல்றதுதான்.

வெயில் இந்த வருஷம் அங்க மோசம்னு சொன்னீங்க. பந்தல்ல உக்காந்து வர்றவங்களுக்குத் தண்ணி கொடுக்குறவங்கதான் குடிக்க மறந்துடுவாங்க. சோறு இறங்கலன்னா உப்புப் போட்ட மோராவது ரெண்டு டம்ளர் குடிங்க.


ஜூன் 18, இரவு

கயல், இன்னிக்குக் கருமாதி முடிஞ்சிருக்கும். காலையில நினைச்சுக்கிட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினப்புறம் வீடு திடீர்னு பெருசாத் தெரியும். இத்தனை நாள் பந்தி, பாத்திரம், ஆள் அனுப்புறதுன்னு ஓடினதுல வராத அழுகை இனிமேகூட வரும். சென்னை வந்து ஒரு வாரம் கழிச்சு, ஆபீஸ்ல லிஃப்ட்டுக்கு நிக்கும்போது வந்தாலும் வரும். அப்படி ஆனா பயந்துடாதீங்க.

எப்ப திரும்பி வர்றீங்கன்னு கேக்கல. வந்தப்புறம் பாக்கலாமான்னும் இப்பக் கேக்கல. நீங்களா "டீ குடிக்கலாமா"ன்னு ஒரு வரி போட்டா வந்துடுவேன். வேளச்சேரியில அந்தப் பார்க்குக்கு எதிர்ல இருக்குற கடைதான், நாற்பது நிமிஷம், பேசாம உக்காந்துட்டு வந்தாலும் சரி. அம்மாயியைப் பத்தி நீங்க பேசினா கேப்பேன். பேசலன்னா நான் ஆரம்பிக்க மாட்டேன்.

காலையில ஆறு மணிக்கு "குட் மார்னிங்"னுகூட நான் மெசேஜ் போட மாட்டேன். அது அவங்க நேரம்.

உங்க ராக்கெட் கோர்ட்லயே கிடந்துச்சு, எடுத்து வெச்சிருக்கேன். கிரிப் பிஞ்சிருக்கு, ஆனா மாத்தல. என்ன கலர் வேணும்னு வந்து சொல்லுங்க.

– அரவிந்த்