அப்பப்பாவின் நினைவு வீடியோவும் ஒரு வேண்டுகோளும்

உவர்மலை,
திருகோணமலை.
10.06.2025

அன்புள்ள பெரியப்பா, சித்தப்பா, லண்டன் மாமி, சின்ன மாமி, மற்றும் மச்சான் மச்சாள்மார் அனைவருக்கும்,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பம்மா உட்பட எல்லோரும் நலம். அப்பப்பாவின் ஆட்டைத் திவசம் நெருங்குகிறது. பழைய கசெற்றுகளில் இருந்தவற்றைத் தொகுத்து ஒரு வீடியோ செய்திருக்கிறேன். முப்பத்து நான்கு நிமிடம் ஓடும். இந்தக் கடிதத்தோடு வரும் இணைப்பில் இருந்து இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி இன்னும் மங்கிவிடும், ஏற்கெனவே மங்கல்தான். அதனால் கோப்பாகவே எடுத்து, முடிந்தால் பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் பாருங்கள்.

பார்க்கும் முன் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கின் படங்கள் எதையும் சேர்க்கவில்லை. விளக்கு எரிவது, பூ உதிர்வது, பின்னால் சோகப்பாட்டு, இவை எதுவும் இல்லை. அப்பப்பா அப்படிப்பட்ட வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கோபப்படுகிற இடங்களை வெட்டவும் இல்லை. 1987இல் பெரியப்பாவின் கலியாணத்தில் பந்தி நடக்கும்போது, சோறு பரிமாறும் பையனை ஒரு பார்வை பார்ப்பாரே, அது முழுதாக இருக்கிறது. பெரியப்பாவின் தலைமுடியும் முழுதாக இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்தக் கலியாண வீடியோவில் ஒரு குறை. அந்தக் காலத்து வழக்கப்படி வீடியோக்காரர் உண்மையான சத்தத்தை எடுத்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டையும் நாதசுரத்தையும் ஒட்டியிருக்கிறார். மூன்று மணி நேரக் கசெற்றில் நம் வீட்டார் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் கேட்காது. அப்பப்பா வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிறார், வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. அந்தப் பாட்டுகளை நீக்கிவிட்டேன். அதனால் அந்தப் பகுதி சத்தமின்றித்தான் வரும். உங்கள் தொலைக்காட்சி பழுதில்லை.

கடற்கரைக் கொட்டிலில் எடுத்த பகுதியிலும் இதே கதைதான். படகு எஞ்சினைத் தொட்டியில் இறக்கி ஓட்டிக்கொண்டே பேசுகிறார். கிண்ணியாவில் இருந்து வந்த இரண்டு சம்மாட்டிமாரும் ஒரு சிங்கள மீனவரும் சுற்றி நிற்கிறார்கள். எஞ்சின் சத்தத்தில் அவருடைய தமிழும் கேட்கவில்லை, சிங்களமும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை நான் மிகவும் விரும்புகிறேன். ஓரிடத்தில் கையை உயர்த்தி எல்லோரையும் பேசவிடாமல் நிறுத்தி, தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்கிறார். பிறகு ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருகுகிறார். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும் வரை டொக்யார்டில் பிற்றராகப் பழகிய காது அது. மருந்து கொடுத்தவுடன் காசு வாங்காத வைத்தியரைப் போல, எஞ்சின் கடலுக்குப் போய் வந்த பிறகுதான் கூலி வாங்குவார்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இத்தனை கசெற்றிலும் அப்பப்பாவின் குரல் தெளிவாகக் கேட்பது ஓரிடத்தில் மட்டும். 1994இல் வாடகைக்குக் கமரா பிடித்து, முற்றத்து மாமரத்தடியில் கதிரை போட்டு அமர்ந்து, கனடாவில் இருந்த சித்தப்பாவுக்கு அனுப்புவதற்காகப் பேசிய கசெற்றில். அது அங்கே போய்ச் சேர்ந்தும் ஓடவில்லை. இங்கே வீடியோ பால் முறையில் பதிவாகும், கனடாவின் கருவிகள் என்டிஎஸ்சி முறைக்குரியவை. படம் உருண்டுகொண்டே இருந்ததாம். சித்தப்பா அதை அலுமாரியில் வைத்துவிட்டார். அதனால்தான் அது தப்பியது. இங்கே எங்களிடம் இருந்த கசெற்றுகளில் பாதிக்கு மேல் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, நாடாவின் ஓரம் வெள்ளை வெள்ளையாகிவிட்டது. 2004 சுனாமியில் நனைந்தவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. ரொறன்ரோவின் வறண்ட காற்றில் கிடந்த அந்த ஒன்று நேற்று எடுத்தது போல இருக்கிறது. அனுப்பிவைத்த சித்தப்பாவுக்கு நன்றி.

அதில் என்ன சொல்கிறார் என்று முழுவதையும் இங்கே எழுதிவிட மாட்டேன். ஒரு துண்டு மட்டும்: “குளிருக்குள் காரை எடுத்தவுடனே விரட்டாதே. கொஞ்சம் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேள். சத்தம் இறங்கிய பிறகு போ. அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். கமரா இருப்பதால் கதைக்க மாட்டாளாம்.” சித்தப்பா, இதை நீங்கள் அப்போதே கேட்டிருந்தால் கேட்டபடி நடந்திருப்பீர்களா என்பது வேறு விடயம்.

இப்போது என் வேண்டுகோள். கமரா இல்லாத காலத்தில் அப்பப்பா கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாக் கசெற்றில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்து அனுப்பியதாக அப்பம்மா சொல்கிறார். லண்டனுக்கும் போயிருக்கிறது, கொழும்புக்கும் போயிருக்கிறது. தயவுசெய்து பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மேலே பக்திப் பாடல் என்று எழுதியிருந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். பாட்டுக் கசெற்றின் மேலேயே பதிவு செய்கிற பழக்கம் நம் வீட்டில் இருந்தது. கிடைத்தால், ஆவலில் உடனே போட்டுக் கேட்க வேண்டாம். நாடா ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். பூஞ்சணம் கருவியின் தலையில் படிந்து அடுத்த கசெற்றையும் கெடுக்கும். முதுகுப்பக்க மூலைகளில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறியும் மேலே பதிவாகாது. பிறகு காற்றுப் புகாத பைக்குள் வைத்து, வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தபால் வேண்டாம்.

இரண்டாவது, ஆட்களை அடையாளம் காண வேண்டும். கோணேசர் நகர்வலம் எங்கள் வீதியால் வருகிற காட்சியில் அப்பப்பாவின் தோளில் கைபோட்டு நிற்கிற நீலச் சட்டைக்காரர் யார்? அப்பாவுக்கும் தெரியவில்லை, அப்பம்மா இரண்டு பெயர் சொல்லிவிட்டு இரண்டும் இல்லை என்கிறார். 2003இல் சமாதான காலத்தில் எல்லோரும் வந்திருந்தபோது நிலாவெளியில் எடுத்த பகுதியில் தெரிகிற பிள்ளைகளின் பெயர்களையும் மாமிமார் எழுதி அனுப்பினால் கீழே போட்டுவிடுவேன். இப்போதைக்கு எல்லோரும் நனைந்த தலையும் மாம்பழமுமாக ஒரே மாதிரி இருக்கிறார்கள்.

இந்த வீடியோவை முகநூலில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கொட்டிலில் நிற்கிறவர்களின் குடும்பங்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நகர்வலக் கூட்டத்தில் தெரிகிற முகங்களில் சிலர் பிறகு திரும்பி வராதவர்கள். அவர்களுடைய வீட்டார் திடீரென்று ஒரு தொலைபேசித் திரையில் அந்த முகத்தைக் காண்பது நல்லதில்லை. அந்த வீடுகளில் எங்களுக்குத் தெரிந்த இரண்டுக்கு அப்பா நேரில் போய்ச் சொல்லி, விரும்பினால் அந்தத் துண்டை மட்டும் கொடுப்பதாக இருக்கிறார்.

வருகிற 29ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இங்கே மாலை ஆறரைக்கு எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அப்போது ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி, லண்டனில் பிற்பகல் இரண்டு மணி. படையல் முடிந்திருக்கும், அப்பம்மாவும் கதைக்கக்கூடிய நிலையில் இருப்பார். அவருக்கு வலது காது இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. அழைப்பில் ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசுங்கள். பெரியப்பா குடும்பம் முதல் நாள் இரவு ரயிலில் வருவதென்றால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். பாய் தலையணை போதுமா என்று அம்மா கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
சுகந்தி