இரண்டு குழாய் நிரப்புது, ஒன்று கசியுது: தொட்டி எப்போது நிறையும்?

கணக்கு இதுதான். ஒரு காலித் தொட்டியை முதல் குழாய் தனியாக 6 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டாவது குழாய் தனியாக 8 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள வெளியேற்றும் குழாய் சரியாக மூடாமல் கசிகிறது. அந்தக் கசிவு மட்டும் இருந்தால் நிறைந்த தொட்டி 12 மணி நேரத்தில் காலியாகிவிடும். இரண்டு குழாய்களையும் சேர்த்துத் திறந்தால், கசிவோடு தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

இதில் பலர் முதலில் செய்வது 6 + 8 − 12 = 2 என்று நேரத்தையே கூட்டிக் கழிப்பது. நேரத்தைக் கூட்டவே கூடாது. இரண்டாவது குழாயையும் திறந்தால் நேரம் குறையத்தானே வேண்டும், கூட்டினால் அது ஏறுகிறதே! கூட்டக்கூடியது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை மட்டும்தான்.

அதனால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரக் கணக்குக்கு மாற்றுவோம். 6 மணி நேரத்தில் முழுத் தொட்டி என்றால் ஒரு மணிக்கு 1/6 பங்கு, அடுத்தது 1/8 பங்கு, கசிவில் போவது 1/12 பங்கு. வருவதைக் கூட்டி, போவதைக் கழிக்க வேண்டும்:

1/6 + 1/8 − 1/12

6, 8, 12 மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 24.

4/24 + 3/24 − 2/24 = 5/24

ஒரு மணி நேரத்தில் தொட்டியில் நிற்பது 5/24 பங்கு. முழுத் தொட்டிக்கு 1 ÷ 5/24, அதாவது 24/5 = 4.8 மணி நேரம். இங்கேதான் கடைசி நேரத்தில் மதிப்பெண் போகும்: 4.8 மணி என்பது 4 மணி 8 நிமிடமும் இல்லை, 80 நிமிடமும் இல்லை, 0.8 × 60 = 48, ஆகவே விடை 4 மணி 48 நிமிடம்.

பின்னம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். தொட்டியில் 24 குடம் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழாய் மணிக்கு 4 குடம், இரண்டாவது 3 குடம், கசிவில் போவது 2 குடம். 4 + 3 − 2 = 5, இருபத்து நான்கை ஐந்தால் வகுத்தால் அதே 4.8. பின்னத்தில் 24 ஏன் வந்தது என்பதும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

சரி பார்க்க: 4.8 மணியில் முதல் குழாய் 19.2 குடம், இரண்டாவது 14.4 குடம், மொத்தம் 33.6. கசிந்தது 9.6. மீதி 24, தொட்டி நிறைந்தாயிற்று.

கணக்கைத் தொடங்கும் முன்பே விடை எங்கே விழும் என்று கணிக்கவும் முடியும். கசிவே இல்லாவிட்டால் 24/7 மணி, கிட்டத்தட்ட 3 மணி 26 நிமிடம். கசிவு இருப்பதால் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். மறுபக்கம், இரண்டாவது குழாய் தரும் 3 குடம் கசிவில் போகும் 2 குடத்தைவிட அதிகம், ஆகவே முதல் குழாய் தனியாக எடுக்கும் 6 மணியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வெளியே விடை வந்தால் எங்கோ கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கிறது என்று அர்த்தம், பேனாவைக் கீழே வைக்காதீர்கள்.

அப்புறம் இதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிக் கேட்பார்கள்: 2 மணி நேரம் கழித்துக் கசிவைப் பார்த்து அடைத்துவிட்டால்? இரண்டு மணியில் 2 × 5 = 10 குடம் நிறைந்திருக்கும், பாக்கி 14. இனி கசிவு இல்லை, மணிக்கு 7 குடம், இன்னும் 2 மணி. மொத்தம் 4 மணி, 48 நிமிடம் மிச்சம்.

ஓட்டை அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் பாதி உயரத்தில் இருந்தால்? (தொட்டி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், தண்ணீர் ஓட்டைக்கு மேல் ஏறியதும் மணிக்கு அதே 2 குடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.) பாதி நிறையும்வரை அது கசியவே கசியாது. முதல் 12 குடத்துக்கு 12/7 மணி, அடுத்த 12 குடத்துக்கு 12/5 மணி, கூட்டினால் 144/35, சுமார் 4 மணி 7 நிமிடம். உண்மையான தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடிக் கசிவும் வேகமெடுக்கும். பள்ளிக் கணக்கில் அதை ஒரே சீராக எடுத்துக்கொள்கிறோம், அதனால்தான் வெறும் கூட்டல் கழித்தலில் முடிகிறது.