ரத்தம் எடுக்கும் புதியவர்களுக்கு: டியூப் லேபிளும் நோயாளி அடையாளமும்

நரம்பு கிடைக்காமல் தடவுவதெல்லாம் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். ஆள் மாறுவது அப்படியல்ல. பத்து வருடம் ஊசி பிடித்தவர் கையிலும் காலை ஆறு மணி ரவுண்டில் அது நடக்கும்.

"லட்சுமி அம்மாதானே நீங்க?" என்று கேட்காதீர்கள். காது மந்தமான பாட்டியும் ராத்திரி முழுக்கத் தூங்காதவரும் எதற்கும் "ஆமா" என்றுதான் தலையாட்டுவார்கள். "உங்க முழுப் பேர் சொல்லுங்கம்மா, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். அதைக் கைப்பட்டையோடும் ரிக்வெஸ்ட் சீட்டோடும் ஒப்பிடுங்கள். மருத்துவமனைப் பதிவு எண்ணை ஓர் இலக்கம் விடாமல் பாருங்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நமக்குப் புதிதல்ல. இனிஷியலையும் நம்ப முடியாது: ஆதாரில் அப்பா பெயர் இருக்கும், அட்மிஷனில் கணவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள். கட்டில் எண் அடையாளமே அல்ல, ஃபேன் காற்றுக்காகக் கட்டில் மாறிப் படுப்பவர்கள் உண்டு. பிறந்த தேதி தெரியாத பெரியவர் என்றால் பெயரோடு பட்டையில் உள்ள பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பட்டை இல்லையா? நர்ஸ் கட்டிவிடும் வரை ஊசி போடாதீர்கள்.

லேபிள், ரத்தம் எடுத்த பிறகுதான். நோயாளியின் பக்கத்தை விட்டு நகர்வதற்கு முன்னால். நான் சேர்ந்த புதிதில், நேரம் மிச்சமாகும் என்று ட்ரேயில் எல்லா டியூப்பிலும் முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனேன். ஒருவர் எக்ஸ்ரேக்குப் போயிருந்தார். அவருடைய டியூப்பில் பக்கத்துக் கட்டில்காரரின் ரத்தம் ஏறிவிட்டது. முந்தின நாள் 11 இருந்த ஹீமோகுளோபின் 6 என்று வந்ததும் டியூட்டி டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இல்லாவிட்டால் தேவையில்லாமல் ரத்தம் ஏற்றியிருப்பார்கள்.

ஒட்டுவதற்கு முன் டியூப்பை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்: ஊதா மூடி 8 முதல் 10 முறை, நீல மூடி 3 அல்லது 4 முறை. குலுக்க வேண்டாம். ஸ்டிக்கரை மூடிக்குக் கீழே, டியூப்பின் நீளவாக்கில் நேராக ஒட்டுங்கள். கோணலாகச் சுற்றினால் மெஷின் பார்கோடைப் படிக்காது. ரத்தத்தின் அளவு தெரிய ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். எடுத்த நேரமும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அப்புறம் லேபிளைப் பட்டையோடு இன்னொரு முறை ஒப்பிடுங்கள்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்க எடுக்கும் கிராஸ்மேட்ச் சாம்பிளுக்குக் கூடுதல் கண்டிப்பு. நர்ஸும் கூட நின்று பட்டையைப் படிக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். ரத்தப் பிரிவு மாறி ஏற்றினால் உயிரே போகலாம்.

தவறு தெரிந்தால் ஸ்டிக்கரைக் கிழித்து மாற்றி ஒட்டாதீர்கள். "இது அவரோடதுதான்" என்ற நினைவை வைத்து லேப் எந்த டியூப்பையும் ஏற்காது. சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்கள். திட்டு விழாது, சம்பவப் படிவம் மட்டும் எழுத வேண்டியிருக்கும். பிறகு நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.