சபையாருக்குப் போதகரின் விடைபெறும் கடிதம்

18 மே 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும் நான்கு கிளைச் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு மாற்றலாகிவிட்ட செய்தி, கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே கடைத்தெரு டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. "ஐயா, கிளம்புறீங்களாமே?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே உறுதியானது. ஆமாம், கிளம்புகிறோம். வருகிற 25-ம் தேதி ஞாயிறு ஆராதனைதான் உங்களோடு கடைசி. அன்றைக்குப் பிரசங்க பீடத்தில் நின்று இதையெல்லாம் சொல்ல என்னால் முடியாது. பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதிவிடுகிறேன். செயலாளர் கிளைச் சபைகளிலும் வாசித்துவிடட்டும்.

2015 ஜூன் 7-ம் தேதி நான் இங்கே முதல் பிரசங்கம் செய்தேன். திருச்சியில் மாடி வீட்டில் வளர்ந்தவன், குறுவைக்கும் தாளடிக்கும் வித்தியாசம் தெரியாதவன், வந்த முதல் வாரமே விதைக்கிறவன் உவமையை எடுத்துக்கொண்டு உங்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அந்த விதைக்கிறவன் வழியருகேயும் விதைத்தானே, எவ்வளவு கவனக்குறைவு என்று நான் நீட்டி முழக்கினேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது நம்முடைய மூத்த உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அவன் கைதெளி தெளிச்சிருப்பான். தெளிக்கிறப்போ வரப்புல நாலு விழத்தான் செய்யும். அதுக்குப் பயந்தா வயலுக்கு விதை போய்ச் சேராது." அந்த உவமைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் இறையியல் கல்லூரியிலும் கேட்டதில்லை. அடுத்த வருஷம் அதையே என் சொந்தக் கருத்து மாதிரி வேறொரு ஊர்க் கன்வென்ஷனில் பேசிவிட்டேன். உபதேசியார் மன்னிக்க வேண்டும்.

இந்தச் சபையில் பாதிப் பிரசங்கம் இப்படி உங்களிடம் வாங்கி உங்களுக்கே திருப்பிக் கொடுத்ததுதான்.

2016-ல் மழை பொய்த்தது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீர் கல்லணையைத் தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக நம் கடைமடைக்கு வருவதற்குள் நல்ல வருஷத்திலேயே நாக்கு வறண்டுவிடும். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவித்தபோது நம் வயல்களில் சம்பா நின்றபடியே கருகியிருந்தது. அறுப்பின் பண்டிகையை நிறுத்திவிடலாம் என்று சேகரக் குழுவில் நான்தான் சொன்னேன். அறுவடையே இல்லாமல் எதற்குப் பண்டிகை, யாரைச் சங்கடப்படுத்துவது என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான். ஆனால் நான் உங்களைக் கேட்கவில்லை.

மாதர் சங்கத்து அம்மாமார் கேட்டார்கள். "விளைஞ்சா மட்டும்தான் கோயிலுக்கு வரணுமா ஐயா?" என்றார்கள். பண்டிகை நடந்தது. தெற்குத் தெருப் பெரியம்மா ஒருவர், குத்தகைக்கு எடுத்த முக்கால் ஏக்கரிலிருந்து கருகின கதிரில் ஒரு பிடியைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார். "அத்தனையும் சாவி ஐயா" என்றார். எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் சாவி என்றால் பூட்டுக்கு உள்ளது. மணி பிடிக்காத நெல்லுக்கும் அதே பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு நான் ஜெபம் பண்ண வேண்டும். "கொடுத்தீர், ஸ்தோத்திரம்" என்று வழக்கமாகச் சொல்வது வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அந்த அம்மாவே "பிதாவே" என்று ஆரம்பித்துக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னார், நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். "அன்றன்றுள்ள அப்பம்" என்ற இடத்தில் கோயிலே ஒரு மாதிரி கம்மியது. எத்தனையோ பண்டிகை நடத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான்.

கஜா புயலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2018 நவம்பர் 16 விடியும்போது கோயில் ஓட்டில் பாதி பள்ளிக்கூட மைதானத்தில் கிடந்தது. நிமிர்ந்து நின்ற தென்னையை எண்ணிவிடலாம். கன்றாக வைத்து, குடம் குடமாகத் தூக்கி ஊற்றி வளர்த்த பிள்ளைகள் அவை. தென்னையை நீங்கள் ஏன் பிள்ளை என்கிறீர்கள் என்பதை, விழுந்த மரத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஆனால் இரண்டு விஷயத்தை மட்டும் பதிவு செய்துவிட வேண்டும். ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து வழி பண்ணிக்கொண்டு முதலில் சோறு கொண்டுவந்து இறக்கியவர்கள் பள்ளிவாசல் ஜமாத்தார். நம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எல்லோரும், எந்தத் தெரு என்று பார்க்காமல், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அது புயலுக்கு முன்னாலும் நடந்திருக்கலாம் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, அந்த ஞாயிறு, 18-ம் தேதி, கூரையில்லாத கோயிலில் நாம் எடுத்த திருவிருந்து. நிவாரண லாரியில் வந்த பிரெட்டைத்தான் பிட்டுக் கொடுத்தேன். ஒரு பையன் "இன்னொண்ணு கிடைக்குமா ஐயா?" என்று கேட்டான். திருவிருந்துக்கு இன்னும் வயதாகாத பையன். கொடுத்தேன். முறைப்படி தப்பு என்று யாராவது பேராயருக்கு எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் எழுதவில்லை.

2020-ல் ஈஸ்டர் ஏப்ரல் 12-ம் தேதி வந்தது. கோயில் பூட்டிக் கிடந்தது. விடியற்காலை நான் மட்டும் போய் மணியடித்தேன். தெருவெல்லாம் வாசலில் விளக்கு வைத்து நின்றீர்கள். அது நல்ல நினைவு.

அடுத்த வருஷத்து நினைவு நல்லதில்லை. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். 2021 மே மாதம் நம் சபை மூப்பர் ஒருவர் இறந்தார். நான் வந்த நாளிலிருந்து எனக்குத் தகப்பன் மாதிரி இருந்தவர். என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து நான்கு கிளைச் சபைக்கும் சேற்றுப் பாதை காட்டினவர். நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை. ரோட்டில் நின்று, முகக்கவசத்தோடு, ஐந்து நிமிஷத்தில் ஜெபத்தை முடித்தேன். கல்லறைத் தோட்டத்தில் அவர் மகனும் மருமகனும்தான் மண் தள்ளினார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அரசு விதி அப்படி, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் உண்மைதான். ஆனால் விதி அனுமதித்த தூரத்துக்குக்கூட நான் கிட்டே போகவில்லை. பயம்.

அந்த வீட்டார் இந்த நான்கு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முறுக்கும் அதிரசமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். போன வாரம் நான் போய் அந்த அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எங்களோடு இருக்கட்டும். சபையார் முன்பாகவும் கேட்க வேண்டியது என் கடமை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மற்ற சண்டைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒலிபெருக்கி, சுற்றுச்சுவர், குழுத் தேர்தல் எல்லாவற்றிலும் என் பேரில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. சிலதில் நீங்கள் சொன்னது சரி. சுற்றுச்சுவர் விஷயத்தில் இப்போதும் நான் சொன்னதுதான் சரி.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். புதிய போதகர் ஜூன் முதல் ஞாயிறு வருகிறார். எனக்கு ஒன்பது வயது இளையவர். கைக்குழந்தை இருக்கிறது. போதக இல்லத்துப் பின்பக்கக் கொல்லையில் தண்ணீர் நின்றால் பாம்பு வரும், மழைக்கு முன்னால் வாலிபர் சங்கத்தார் வெட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுங்கள். அவர் முதல் மாதம் ஏதாவது தப்பாகச் சொல்வார். நான் சொன்ன அளவுக்கு இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். உபதேசியார் வாசலில் நின்று மெதுவாகச் சொல்லட்டும்.

என்னைத் தயவுசெய்து கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் நேரடியாகக் கூப்பிடாதீர்கள். எனக்கு வர ஆசை இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். அவர் கூப்பிட்டால் வருவேன், வந்து உங்கள் நடுவில் பெஞ்சில் உட்காருவேன். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்குப் போன் பண்ணினால், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். "பழைய ஐயா இருந்தப்போ" என்று நீங்கள் ஆரம்பிக்கும் ஒவ்வொரு பேச்சும் அந்த மனுஷரின் முதுகில் ஏறும். இங்கே வந்த முதல் வருஷம் என் முதுகில் ஏறியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஐயா எவ்வளவு நன்றாகப் பாடுவார் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பதிவேடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பத்து வருஷத்தில் 63 ஞானஸ்நானம், 41 திருமணம், 88 அடக்கம். எல்லாம் நீலப் பீரோவில் இருக்கின்றன. மாதர் சங்கத்தின் பிடியரிசி விற்ற பணத்துக்குத் தனி நோட்டு இருக்கிறது. புயலுக்குப் பிறகு கோயிலுக்கு ஓடு வாங்கின முதல் தொகை அந்தப் பிடியரிசிப் பணம்தான் என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். புதிய போதகர் கட்டாயம் பார்க்கட்டும்.

என் மனைவி உங்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்வார், எனக்கு அவ்வளவு நன்றாகச் சொல்ல வராது. நான்கு வயதில் இங்கே வந்த எங்கள் மகளுக்கு இப்போது பதினாலு. அவள் பேசுவது உங்கள் ஊர்த் தமிழ். திருச்சியில் அத்தைமார் சிரிக்கப் போகிறார்கள், சிரிக்கட்டும்.

2019-ல் கோயில் வளாகத்தில் நாம் வைத்த ஐந்து தென்னங்கன்றில் மணிக்கூண்டுப் பக்கத்து மரம் மட்டும் பாளை விட்டிருக்கிறது. முதல் காய் இறங்கும்போது, கருகின கதிர் கொண்டுவந்தாரே, அந்தத் தெற்குத் தெருப் பெரியம்மா வீட்டுக்கு ஒன்று போகட்டும்.

கோயில் சாவி உபதேசியாரிடம் கொடுத்துவிட்டேன். மேற்குக் கதவுக்குக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும், புதியவருக்குக் காட்டிக் கொடுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்