மோதிர விரல்

ஏசுவடியான் பாட்டாவுக்கு ரெண்டு வயதில் அம்மை போட்டுக் கண் போயிற்று. பாட்டுப் புத்தகத்தைத் தடவியிருக்கிறார், மோந்து பார்த்திருக்கிறார், ஓரெழுத்துக் கண்டதில்லை. ராஜாக்கமங்கலம் பக்கத்துச் சபையில் அத்தனை வருஷமும் ஆர்மோனியம் அவர்தான். கீபோர்டு வந்த பிறகு பெட்டியும் அவரும் வீட்டோடு.

தங்கம்மை கிழவி இறந்தபோது ஆள் வந்தது. அடக்கத்துக்கு இன்ன கீர்த்தனைதான் பாட வேண்டும் என்று கிழவி சொல்லி வைத்திருந்தாளாம். புத்தகத்தில் பாட்டு இருந்தது. மேலே 'செஞ்சுருட்டி, ஆதி' என்றும் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு மெட்டைப் பிடிக்க முடியுமா? கீபோர்டு பையன் இரண்டு தரம் முயன்றுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் நினைவில்லியே மக்களே," என்றார் பாட்டா. முனகிப் பார்த்தார். வரவில்லை.

பேத்தி ஜெபா பெட்டியைத் தூக்கி வந்து பந்தலில் வைத்தாள். ஆடிச் சாரலில் ஈரம் கோத்து ஒரு ரீடு விடாமல் கத்தியது. பாட்டா அந்தக் கட்டையை நகத்தால் நெம்பி, தட்டி அடக்கினார். அப்புறம் இடது கையால் துருத்தியை அசைத்தபடி, "முதல் வரியைப் படி," என்றார்.

படித்தாள். வலது கை தானாக நகர்ந்தது. முதலில் தடுமாற்றம், மூன்றாவது சொல்லில் வழி கிடைத்துவிட்டது. பின்வரிசையில் ஒரு கிழவர், "ஆமா, இதுதான்!" என்று எழுந்தே விட்டார். சரணத்துக்குள் நாலைந்து பழைய குரல்கள் சேர்ந்துகொண்டன.

ஜெபா விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பாட்டுக்கெல்லாம் ஐந்து விரலும் ஓடும். இதற்கு மட்டும் மோதிர விரல் விறைத்துத் தூக்கியே நின்றது. அதற்கு வர வேண்டிய சுரத்தை நடுவிரல் ஓடிப்போய் எடுத்தது.

அடக்கம் முடிந்து வரும் வழியில் கேட்டாள். "பாட்டா, விரலுக்கு என்ன? வலிக்கா?"

"எந்த விரலு?"

சொன்னாள். அவருக்கே அது தெரியாது. நின்று, அந்த விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"எங்கப்பனுக்குப் பனையில வச்சுப் பாளை அரிவா பட்டு அந்த வெரலு மடங்காது. அவரு வாசிக்கும்போ அவரு கைக்கு மேல என் கைய வச்சுக்கிடுவேன். அப்படித்தான் படிச்சேன்." கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "அப்போ இது அவரு பாட்டு. மத்ததெல்லாம் ரேடியோவும் கன்வென்ஷனும்."

அன்று ராத்திரியே ஜெபா பெட்டி முன் உட்கார்ந்தாள். பாட்டா தன் கையை நீட்டினார். அவள் மேலே கை வைத்தாள். இரண்டு வரி போனதும் அவர் நிறுத்திவிட்டார்.

"வெரலத் தூக்காத பிள்ளே. உனக்கு அஞ்சும் நல்லாத்தானே இருக்கு."

"நீங்க தூக்குதீங்களே?"

"நான் தூக்குவேன். நீ வாசி."