மாமாவின் சைக்கிள் கடை நோட்டீஸ், மாற்றி எழுதியது

மாமா, நோட்டீஸை மாற்றி எழுதிவிட்டேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் படித்துப் பாருங்கள். பழையதில் "ஹாய் மச்சீஸ், வேற லெவல் சர்வீஸ், செம ஆஃபர்" என்று முதல் வரியிலேயே பசங்க பேச்சு வார்த்தைகள் மூன்று. தம்பியின் டியூஷன் பசங்க அதைப் பார்த்துவிட்டு "யாரோ அங்கிள் எழுதினது" என்றார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் உங்கள் வேலை அவ்வளவு நல்ல வேலை. அதனால் வேலையைப் பற்றியே எழுதினேன். அவர்கள் வாயில் தானாக வரும் வார்த்தைகள் இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன். நோட்டீஸ் இதோ:

காலை 8.20. கெடிலம் பாலம். செயின் கழன்றுவிட்டது.

கையெல்லாம் கிரீஸ், வெள்ளைச் சட்டை காலி. திருப்பாதிரிப்புலியூர் வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். மொக்கை.

கடலூரில் சைக்கிள் சீக்கிரம் துருப்பிடிக்கும், உப்புக்காற்று அப்படி. சில்வர் பீச் போய்வந்து அப்படியே நிறுத்தினால் மணல் எண்ணெயோடு சேர்ந்து செயினையும் பல் சக்கரத்தையும் அரைத்துவிடும். ஈரத்துணியால் துடை, காயவிடு, செயினுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடு, மிச்சத்தைத் துடைத்துவிடு. ரிம்மில் படக்கூடாது, பிரேக் பிடிக்காது. இதற்குக் கடைக்கு வரவே வேண்டாம். எண்ணெய் மட்டும் வேண்டுமென்றால் சின்ன பாட்டில் கொண்டு வா, சும்மாவே ஊற்றித் தருகிறோம்.

பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த சைக்கிளா? கொண்டு வா. கியர் சைக்கிளுக்குக் கொடுக்கிற அதே நேரத்தை அதற்கும் கொடுப்போம்.

ஃபுல் சர்வீஸ் 250 ரூபாய். சனிக்கிழமை காலை விட்டால் சாயங்காலம் ரெடி. பார்ட்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் முதலில் விலையைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவோம். பஞ்சர் 30 ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டக் கற்றுக்கொண்டால் அடுத்த முறை அதுவும் மிச்சம்.

18 வயதாகி லைசென்ஸ் வரும் வரை உன் வண்டி இதுதான். கெத்தாக ஓடட்டும்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே, வேப்பமரத்தடி. காலை 9 முதல் இரவு 8 வரை.

இவ்வளவுதான் மாமா. கூலிங் கிளாஸ் போட்ட பையன் படத்தை எடுத்துவிடுங்கள், அவன் நம் ஊர்ப் பையனே இல்லை. நீங்கள் வீல் கோட்டம் எடுக்கிற போட்டோ என் போனில் இருக்கிறது, அதைப் போடலாம். விலையைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். கையில் 300 ரூபாய் வைத்திருக்கும் பையன் முதலில் அதைத்தான் தேடுவான். பஞ்சர் சொல்லித்தருவதாக நானே எழுதிவிட்டேன், நீங்கள் எப்படியும் சொல்லித்தருவீர்கள் என்ற தைரியத்தில்.

தம்பியிடம் காட்டினேன். நல்லா இருக்கு, நல்லா இல்லை எதுவும் சொல்லவில்லை. "இந்த சனிக்கிழமை மாமா கடை திறப்பாரா?" என்று கேட்டான்.